அன்னக்கூடையில் ஆறு மணி நேரம்

கொஞ்சம் நீளமான பதிவு. வெயில் ஏறிவிட்டது, வீடுகளில் விசேஷங்களும் வரிசையாக வருகின்றன. அதனால் சென்ற ஆண்டு, 2025 மே மாதம், எங்கள் வீட்டில் நடந்ததை இப்போதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதில் தவறு செய்தவன் நான். பழி சுமந்தவர் வேறொருவர். எழுதத் தயங்கியதற்கும் அதுதான் காரணம்.

மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை சமயபுரத்தில் மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு, மதியம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் சாப்பாடு. திருவானைக்காவலில் இருந்து ஒரு சமையல் அம்மாவை ஏற்பாடு செய்திருந்தோம். அவரும் அவர் மகளும் விடியற்காலையே வந்து அடுப்பை மூட்டிவிட்டார்கள். சாம்பார், வத்தக்குழம்பு, வடை, பாயசம், தயிர் சாதம். என் பொறுப்பு பழம் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில் திருச்சியில் எங்கே பார்த்தாலும் இரண்டு பேச்சு. ஒன்று உறையூர். ஏப்ரலில் அங்கே வயிற்றுப்போக்கில் பலர் படுத்து, சிலர் இறந்தும் போனார்கள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள். கோயில் திருவிழாவில் கொடுத்த சாப்பாடும் பானமும் காரணமாக இருக்கலாம் என்று அதிகாரிகள் தரப்பில் சொன்னார்கள். இரண்டாவது பேச்சு தர்பூசணி. சென்னையில் உணவு பாதுகாப்பு அதிகாரி ஒருவர், ஊசி வழியாகச் சாயம் ஏற்றுகிறார்கள், டிஷ்யூ காகிதத்தால் துடைத்துப் பாருங்கள் என்று விளக்கிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. விலை விழுந்தது, விவசாயிகள் கொதித்தார்கள், கடைசியில் அவரை அந்தப் பொறுப்பில் இருந்து மாற்றினார்கள்.

எனவே நான் படு எச்சரிக்கையாக இருந்தேன். குடிக்க அத்தனை தண்ணீரையும் காய்ச்சி ஆற வைத்தேன். காந்தி மார்க்கெட்டில் வாங்கி வந்த நாலு தர்பூசணியையும் இரண்டு பப்பாளியையும் காலை ஆறு மணிக்கு நறுக்க உட்கார்ந்தபோது, முதல் துண்டை டிஷ்யூவால் துடைத்தும் பார்த்தேன். சாயம் ஒட்டவில்லை. மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவன் அல்லவா!

இனி நான் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நீங்களே பிழையைக் கண்டுபிடியுங்கள்.

பழங்களைக் கழுவவில்லை. தோலைத்தானே தூக்கிப் போடப் போகிறோம் என்று, ஒரு பழைய துண்டை நனைத்துத் தோலில் இருந்த மண்ணைத் துடைத்தேன். கத்தியால் பிளந்து, தோல் சீவி, துண்டு போட்டு, பெரிய எவர்சில்வர் அன்னக்கூடையில் நிரப்பினேன். குளிர்பதனப் பெட்டியில் இடமில்லை. பால், தயிர், பூ, மாலை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. சரி, கூடத்திலேயே இருக்கட்டும் என்று, ஈ உட்காராமலும் வாடாமலும் இருக்க அந்தத் துண்டையே ஒருமுறை அலசிப் பிழிந்து கூடையின்மேல் போர்த்தினேன். மண்பானைக்கு ஈரத்துணி சுற்றுவது போல, குளிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணம். ஆறரைக்கு எல்லோரும் வேனில் ஏறி சமயபுரம் கிளம்பிவிட்டோம்.

கூட்டம் அதிகம். திரும்பி வரும்போது பன்னிரண்டரை. அக்னி நட்சத்திர வெயில். வந்தவர்களுக்கு முதலில் கை நீட்டியது என் பழக்கூடைதான். துண்டை எடுத்தால் பழம் சிவப்பு மாறாமல், வாசனை மாறாமல், இனிப்பு குறையாமல் இருந்தது. கூடையின் அடியில் மட்டும் இரண்டு விரல் உயரத்துக்குச் சாறு தேங்கியிருந்தது.

சாப்பாடு நன்றாக நடந்தது. எல்லோரும் பாயசத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் திங்கள் விடியற்காலை நாலு மணிக்கு மருமகன் எழுந்தான். வயிற்று வலி, பேதி, காய்ச்சல். ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் இருந்து சம்பந்தி போன் செய்தார், அவருக்கும் அதே. மதியத்துக்குள் ஏழெட்டுப் போன். மாலையில் என் அக்காவை மருத்துவமனையில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். அக்காவுக்கு எழுபத்து நாலு வயது. நாக்கு உலர்ந்து, கண் குழிந்து, கூப்பிட்டால் "ம்" மட்டும் சொன்னாள். அம்மா போன பிறகு எனக்கு அம்மா அவள்தான். அந்த இரவை மறக்க மாட்டேன்.

அந்தப் பதற்றத்தில்தான் என் இரண்டாவது தவறைச் செய்தேன். சமையல் அம்மாவுக்குப் பேசிய கூலி ஏழாயிரம். மூவாயிரம் முன்பணம் கொடுத்திருந்தேன். மீதிக்கு செவ்வாய்க்கிழமை அவர் போன் செய்தபோது, "என்ன சமைச்சீங்கன்னு தெரியல, எங்க வீட்ல பாதிப் பேர் படுத்திருக்காங்க. மீதியைப் பிறகு பார்க்கலாம்" என்றேன். பாயசத்துப் பால் திரிந்திருக்கும் என்று எல்லோரும் முடிவே செய்துவிட்டிருந்தோம்.

அவர் கோபப்படவில்லை. "சார், அதே சாப்பாட்டைத்தானே நானும் என் பொண்ணும் சாப்பிட்டோம்? மிச்சத்தைத் தூக்குல எடுத்துட்டுப் போய் ராத்திரி வீட்ல எல்லாரும் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்" என்றார். சற்று நிறுத்தி, "பழத்தை மட்டும் நாங்க தொடல, விருந்தாளிகளுக்குப் பத்தாதுன்னு" என்றார்.

போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வார்த்தை காதிலேயே நின்றது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, வருகைப் பதிவேடு போல ஒரு நோட்டில் கோடு போட்டேன். வந்தவர்கள், சமைத்தவர்கள் எல்லோருமாக 41 பேர். பெயர், என்னென்ன சாப்பிட்டார், உடம்புக்கு வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது என்று நாலு கட்டம். இரண்டு நாள் எல்லோருக்கும் போன் செய்தேன். நோயாளிகளிடம் மட்டும் கேட்டால் போதாது. நன்றாக இருப்பவர்களிடமும் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம். நோயாளிகளை மட்டும் கேட்டால் எல்லோரும் பாயசம் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் ஊரே பாயசம் சாப்பிட்டிருக்கிறது.

மொத்தம் 14 பேருக்கு உடம்பு சரியில்லை. முதலில் பாயசத்தைப் பார்த்தேன். பாயசம் சாப்பிட்டவர்கள் 34, அதில் படுத்தவர்கள் 12. சாப்பிடாதவர்கள் 7, அதில் படுத்தவர்கள் 2. அதாவது சாப்பிட்டவரில் நூற்றுக்கு 35, சாப்பிடாதவரில் நூற்றுக்கு 29. பெரிய வித்தியாசமே இல்லை. பாயசத்தைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றுதான். அப்படியென்றால் குற்றவாளி அது இல்லை.

பிறகு பழம். சாப்பிட்டவர்கள் 19, அதில் படுத்தவர்கள் 13. சாப்பிடாதவர்கள் 22, அதில் படுத்தவர் ஒரே ஒருவர். நூற்றுக்கு 68 எங்கே, நூற்றுக்கு 5 எங்கே! பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். குழம்பு, வடை, தயிர் சாதம் எதைப் பார்த்தாலும் இந்த அளவு இடைவெளி வரவில்லை.

ஆனால் அந்த ஒருவர் உறுத்தினார். பழமே சாப்பிடாமல் படுத்த அந்த ஒருவர் யார் தெரியுமா? என் அக்கா. அவளுக்குப் பல் கிடையாது, பழத்தைத் தொடவில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். அப்படியென்றால் என் கணக்கு தப்பா? மருமகளிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. "மாமா, அத்தைக்குக் கடிக்க முடியாதேன்னு கூடை அடியில இருந்த சாறை வடிகட்டி, சர்க்கரை போட்டு ரெண்டு டம்ளர் குடுத்தேனே" என்றாள்.

விதிவிலக்கு என்று நான் நினைத்ததுதான் கணக்கை உறுதிசெய்தது. இதைப் படிக்கும்போது சிலருக்கு ஜான் ஸ்நோ நினைவுக்கு வரலாம். 1854-ல் லண்டனில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியபோது, அந்தத் தெருக் கைபம்பின் தண்ணீர்தான் காரணம் என்று வீடு வீடாக விசாரித்துச் சொன்ன மருத்துவர். வெகுதூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவையும் அதே சமயம் காலராவில் இறந்திருந்தார். கணக்கில் இடிக்கிறதே என்று விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அந்த அம்மா தினமும் அதை வரவழைத்துக் குடித்திருக்கிறார். அவருக்குக் கைபம்பு, என் அக்காவுக்கு அன்னக்கூடை.

எந்தக் கிருமி என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. எங்கள் யாருக்கும் மலச் சோதனை செய்யவில்லை. ஆனால் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் ஆரம்பித்தது என்பதுதான். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி என்றால், கிருமி உணவிலேயே விஷத்தைத் தயாரித்து வைத்திருந்தது என்று பெரும்பாலும் பொருள். அடுத்த நாள் காய்ச்சலோடு பேதி என்றால், கிருமியே உயிரோடு உள்ளே போய்க் குடலில் பெருகியிருக்கிறது. எங்களுக்கு நடந்தது இரண்டாவது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. கடைசியாகச் சாப்பிட்டதையே நாம் சந்தேகப்படுகிறோம். உண்மையில் நேற்று மதியம் தின்றதுதான் இன்று பேசும்.

இனி, பழத்தில் கிருமி எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

தர்பூசணி தரையில் படுத்தே வளர்கிறது. எருவிலும் மண்ணிலும் கிடக்கிறது. லாரியில் உருண்டு, மார்க்கெட்டில் ஈரத் தரையில் அடுக்கப்படுகிறது. மாட்டின், கோழியின், மனிதனின் கழிவில் இருக்கும் கிருமி தோலில் ஒட்டியிருந்தாலும் பழம் முழுசாக இருக்கும்வரை உள்ளே போக வழியில்லை. தடித்த தோல் என்பது இயற்கை போட்ட பூட்டு. கத்தி வைக்கும்போது நாமே அந்தப் பூட்டைத் திறக்கிறோம். கத்தி தோலின் வழியாகத்தான் சதைக்குள் இறங்குகிறது. தோலில் இருந்ததைத் தன் அலகில் ஏந்திக்கொண்டு நடுப்பழம் வரை இழுத்துப் போகிறது. தோலைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்பது ஆறுதலே இல்லை. நானோ அதற்கு மேலும் ஒரு படி போனேன். தோலைத் துடைத்த துண்டையே நறுக்கிய பழத்தின்மேல் போர்த்தினேன். மண்ணைத் துடைத்த துணியைத் தண்ணீரில் ஒருமுறை அலசினால் மண் போகும், கிருமி போகாது.

அடுத்து, நேரம். தர்பூசணியும் பப்பாளியும் முலாம்பழமும் புளிப்பில்லாத பழங்கள். தண்ணீரும் சர்க்கரையும் நிறைய. கிருமிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. நம் ஊர் மே மாத வெப்பத்தில் அரை மணிக்கு ஒரு முறை கிருமி இரண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையில் முதலில் நூறு கிருமி இருந்தது என்போம். ஒரு மணியில் 400. இரண்டு மணியில் 1,600. மூன்று மணியில் 6,400. இதுவரை பரவாயில்லை போலத் தோன்றும். ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டித்து நாலு லட்சத்தைத் தாண்டிவிடும். புது இடத்துக்குப் பழகக் கிருமி தொடக்கத்தில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் கணக்கு சற்று முன்பின் ஆகலாம். ஆனால் போக்கு இதுதான். சதுரங்கப் பலகையில் ஒரு நெல், இரண்டு நெல், நாலு நெல் என்று அரசனிடம் கேட்ட கதையை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்தக் கதை என் வீட்டுக் கூடத்தில், ஈரத்துண்டுக்கு அடியில் நடந்துகொண்டிருந்தபோது நான் சமயபுரத்தில் வரிசையில் நின்றிருந்தேன்.

ஏமாற்றியது எது என்றால், பழம் கெட்டதாகத் தெரியவே இல்லை. கெட்டுப்போனால் வாடை வரும், நுரைக்கும், புளிக்கும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பழத்தைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர் வேறு, நம்மைப் படுக்க வைக்கும் கிருமி வேறு. இரண்டாவது வகை லட்சக்கணக்கில் பெருகியும் நிறம், மணம், ருசி எதையும் தொடாமல் இருக்க முடியும். எனவே முகர்ந்து பார்ப்பது சோதனை ஆகாது. நான் செய்த டிஷ்யூ சோதனை அதைவிட வீண். அது சாயத்தைத் தேடியது. சாயத்துக்குப் பயந்து பார்த்துக்கொண்டே கிருமியைப் போர்த்தி வைத்தேன். மூக்குக்கும் கண்ணுக்கும் தெரியாத இதைக் காட்டிக்கொடுக்க இரண்டே சாட்சிகள்தான்: எப்படி நறுக்கினார்கள், நறுக்கி எவ்வளவு நேரம் ஆயிற்று.

அந்த நேரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நறுக்கிய பழம், காய்ச்சாத சாறு இவற்றை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம் என்பது அமெரிக்காவில் பொதுமக்களுக்குச் சொல்லும் விதி. நம் ஊரில் மே மாதம் காலை எட்டு ஒன்பது மணிக்கே 32-ஐத் தாண்டிவிடுகிறதே. ஆகவே நமக்கு எப்போதும் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம். என் கூடை கிடந்தது ஆறு மணி நேரம்.

புளிப்பான பழங்களில் நிலைமை வேறு. எலுமிச்சை, சாத்துக்குடி, அன்னாசி இவற்றின் புளிப்பில் பெரும்பாலான கிருமிகள் பெருக முடியாது. அன்று எலுமிச்சம் பிழிந்த பானகம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை (தண்ணீரைக் காய்ச்சியிருந்தேன் என்பதும் ஒரு காரணம்). ஆனால் பெருக முடியாது என்பது வேறு, சாகும் என்பது வேறு. 1996-ல் அமெரிக்காவில் ஆட்வாலா என்ற நிறுவனத்தின் காய்ச்சாத ஆப்பிள் சாற்றைக் குடித்துப் பலர் நோயுற்று, ஒரு குழந்தை இறந்தது. ஆப்பிள் சாறு புளிப்பானதுதான். ஆனாலும் ஈ.கோலை வகையில் ஒன்று அதில் பிழைத்துக் கிடந்தது. கரும்புச் சாறு நம் பட்டியலில் தர்பூசணிப் பக்கம்தான் சேரும், அதில் புளிப்பு கிடையாது. எலுமிச்சை சேர்த்துப் பிழிவது ருசிக்கு நல்லது, கிருமிக்குக் காவல் என்று நம்பக் கூடாது.

சாறு என்றால் இன்னொரு விஷயம். அக்காவுக்கு ஏன் எல்லோரையும்விட மோசமானது? வயது ஒரு காரணம். மற்றொன்று, கூடையின் அடிச்சாறு. நாலு பழத்துத் துண்டுகளையும் கழுவிக்கொண்டு இறங்கிய நீர் அது. ஒரு துண்டு தின்றவருக்கு ஒரு துண்டில் உள்ளதுதான். சாறு குடித்தவருக்கு நாலு பழத்தின் பங்கும் சேர்ந்து வருகிறது. நாலில் ஒரு பழத்தில் மட்டும் அழுக்கு இருந்திருந்தாலும் டம்ளரில் அது வந்துவிடும். பரிவோடு கொடுத்த சாறு அது. மருமகளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டேன். கூடையை வைத்தவன் நான்.

தெருவோரக் கடைக்கும் இதே இரண்டு சாட்சிகள்தான். சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் வெயிலில் இறங்கினால் எனக்கும் நாக்கு ஊறுகிறது. கடையே கூடாது என்று சொல்ல நான் தயாரில்லை, பிழைக்க வந்தவர்கள் அவர்கள். கண்ணாடிப் பெட்டியில் காலையிலேயே நறுக்கி, டப்பாவில் போட்டு மிளகாய்ப்பொடி தூவி வைத்திருப்பதை வாங்குவதில்லை. கண்ணாடி ஈயைத் தடுக்கும், நேரத்தைத் தடுக்காது. வெயிலில் அந்தப் பெட்டிக்குள் சூடு இன்னும் அதிகம். முழுப் பழத்தைக் காட்டி, "தம்பி, இதைக் கழுவி இப்ப வெட்டிக் குடுப்பா" என்பேன். பெரும்பாலும் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். வெட்டும்முன் கத்தி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். ஒரு வாளித் தண்ணீரில் கத்தி, டம்ளர், கை எல்லாம் காலையில் இருந்து முங்கி எழுந்துகொண்டிருந்தால் சத்தமில்லாமல் நடையைக் கட்டிவிடுவேன். பழச்சாறு என்றால் என் கண்ணெதிரே பிழிய வேண்டும், ஐஸ் வேண்டாம். சாக்குப்பையில் சுற்றி வரும் பெரிய ஐஸ் கட்டி எதற்காகச் செய்தது என்று நமக்குத் தெரியாது. மீனைப் பாதுகாக்கச் செய்யும் ஐஸ் பானத்துக்குள் வந்துவிடுகிறது என்றுதான் மகாராஷ்டிரத்தில் 2018-ல், உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கச் சொன்னார்கள். ஐஸில் உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பதும் தவறு. தூங்கும், டம்ளரில் உருகியதும் எழுந்துகொள்ளும்.

வீட்டு விசேஷத்தில் இப்போது நாங்கள் செய்வது இதுதான். பழத்தை முழுதாகவே வைத்திருக்கிறோம், பந்திக்கு அரை மணி நேரம் முன்பு வரை கத்தி தொடக் கூடாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் தோலைப் புது நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடைக்கிறோம். கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே முதல் வெட்டு. வயிறு சரியில்லாதவரும் கையில் புண் உள்ளவரும் அன்று பழம் பக்கம் வரக் கூடாது. ஒரே கூடையில் மலை போலக் குவிக்காமல், ஒரு பழத்தை நறுக்கி அது தீர்ந்த பிறகே அடுத்ததை எடுக்கிறோம். முன்னதாகவே நறுக்கியாக வேண்டும் என்றால், ஆழமில்லாத தட்டுகளில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறோம். ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் மேல்புறம் சில்லென்று இருக்கும், நடுவில் உள்ளது குளிர்ந்து சேர வெகுநேரம் ஆகும், அதுவரை உள்ளே பெருக்கல் கணக்கு நடந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததைத் திரும்ப உள்ளே வைத்தும் பயனில்லை. குளிர் பெருக்கத்தை மெதுவாக்கும், பெருகியதைக் குறைக்காது. அதை மாட்டுக்கோ குப்பைக்கோ போட மனது வர வேண்டும். எனக்கு வருவது கஷ்டமாகத்தான் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது அல்லவா. அப்போதெல்லாம் அக்காவின் குழிந்த கண்ணை நினைத்துக்கொள்வேன்.

யாருக்காவது வந்துவிட்டால் முதலில் நீர். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அது இன்னும் நல்லது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், மணிக்கணக்கில் சிறுநீர் போகாமை, கண் குழிதல், மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் காத்திருக்கவே கூடாது. அக்காவை நாங்கள் காலையிலேயே கொண்டு போயிருக்க வேண்டும். நாலு நாளில் வீடு திரும்பினாள். "ஏன்டா, வாத்தியாருக்குப் பழம் கழுவத் தெரியாதா?" என்பதுதான் வந்ததும் கேட்ட முதல் கேள்வி.

அவள் வீடு வந்த மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு திருவானைக்காவல் போனேன். சமையல் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நாலாயிரத்தையும் கையில் கொடுத்து, "தப்பு என்னோடதும்மா. பழத்துல இருந்துதான் வந்திருக்கு, உங்க சமையல் மேல ஒரு குறையும் இல்ல" என்றேன். அவர் பணத்தை எண்ணவில்லை. "அன்னைக்கு போன் வச்சதுல இருந்து ரெண்டு நாள் நான் சாப்பிடல சார். இனிமே எந்த வீட்ல கூப்பிடுவாங்கன்னு இருந்துச்சு" என்றார். நம் தெருவிலேயே இரண்டு வீட்டில் அந்தப் பேச்சு அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த இரண்டு வீட்டுக்கும் அன்று மாலையே நானே நடந்துபோய், நோட்டைக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் நம்பினார்கள். இன்னொரு வீட்டில், "இருக்கட்டும் சார், எதுக்கு வம்பு" என்று வேறு ஆளைச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வீட்டுக்காரரும் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதினேன். அடுத்த மாதம் எங்கள் வீட்டில் சின்னதாக ஒரு விசேஷம் இருக்கிறது. சமையல் அதே அம்மாதான். பழம் நறுக்குவதும் நான்தான், ஆனால் இந்த முறை பன்னிரண்டு மணிக்கு.